அவித்தாலும் மீண்டு வரும் புரதம்

முட்டையை அவித்துவிட்டால் அவித்ததுதான். ஆறவைத்தாலும் ஃபிரிட்ஜில் வைத்தாலும் அந்த வெள்ளைக்கரு மறுபடி தெளிந்து வழவழவென்று ஓடாது. புரதம் சூடு பட்டால் கெட்டுப்போகும், கெட்டது திரும்பாது என்று நாம் நம்புவது இந்தச் சமையலறை அனுபவத்தால்தான். உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

ரைபோநியூக்ளியேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. மாட்டின் கணையத்திலிருந்து எடுப்பது. ஆர்.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக வெட்டுவது இதன் தொழில். இதைக் கரைத்துக் கொதிநீரில் 15 நிமிடம் வைத்து, மெதுவாக ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி வெட்ட ஆரம்பித்துவிடும். ஆர்.என்.ஏ.வை வைத்து ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு இது தீராத தலைவலி. இந்த நொதியின் உறவுக்காரர்கள் நம் தோலிலும் வியர்வையிலும் இருக்கிறார்கள். கையுறை போடாமல் ஒரு குழாயைத் தொட்டால் போதும், பல நாள் வேலை பாழ்.

இதே பிடிவாதத்தை ஆய்வுக்கூடத்தார் லாபமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போது கூடவே வரும் ஆர்.என்.ஏ.வை ஒழிக்க இந்த நொதியைச் சேர்ப்பார்கள். அதில் டி.என்.ஏ.வை வெட்டும் வேறொரு நொதி துளி கலந்திருந்தாலும் காரியம் கெட்டுவிடும். ஆகவே, சேர்ப்பதற்கு முன் ரைபோநியூக்ளியேஸ் கரைசலைக் கொதிக்க வைப்பார்கள். கலப்பட நொதி செத்துப்போகும். இது பிழைத்துக்கொள்ளும்.

எப்படிப் பிழைக்கிறது? கொதிநீரில் இதற்குள் எது அறுந்தது, எது அறாமல் நின்றது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் புரதத்தின் கட்டுமானம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

124 மணிகள்

எந்தப் புரதமும் அடிப்படையில் ஒரு சங்கிலி. அதன் மணிகள் அமினோ அமிலங்கள். இயற்கை பெரும்பாலும் 20 வகை மணிகளையே வைத்துக்கொண்டு எல்லாப் புரதங்களையும் கோக்கிறது. எல்லா மணிக்கும் முதுகுப்பகுதி ஒரே மாதிரி இருக்கும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைதான் வேறுபடும். சில கிளைகள் எண்ணெய்போல, தண்ணீரோடு சேராதவை. சிலவற்றில் மின்னூட்டம் இருக்கும், அவை தண்ணீரைத் தேடும். சிஸ்டீன் என்ற மணியின் கிளை நுனியில் கந்தகம் இருக்கும். இந்தக் கந்தகத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ரைபோநியூக்ளியேஸில் 124 மணிகள். முதலில் லைசின், அடுத்து குளூட்டமிக் அமிலம், பிறகு திரியோனின், தொடர்ந்து மூன்று அலனின் என்று போய், 124ஆவது இடத்தில் வாலினில் முடிகிறது. வரிசையை முதலில் கண்டவர்கள் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் மூர், வில்லியம் ஸ்டைன், ஹிர்ஸ் ஆகியோர். 1960இல் அதை வெளியிட்டார்கள். ஒரு நொதியின் முழு வரிசை தெரியவந்தது அதுவே முதல் முறை. இந்த வரிசையைத்தான் புரதத்தின் முதல்நிலை அமைப்பு என்கிறார்கள்.

மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள முடிச்சுக்குப் பெப்டைடு பிணைப்பு என்று பெயர். ஒரு மணியின் கார்பனும் அடுத்த மணியின் நைட்ரஜனும் எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு உண்டாகும் முடிச்சு இது. எவ்வளவு உறுதி என்று அறிய, மூரும் ஸ்டைனும் அதை அறுத்த விதத்தைப் பார்த்தாலே போதும். அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் புரதத்தைப் போட்டு, கண்ணாடிக் குழாயின் வாயை உருக்கி அடைத்து, 110 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைப்பார்கள். அப்போதுதான் எல்லா முடிச்சும் அவிழும். அமிலமோ நொதியோ இல்லாத வெறும் தண்ணீரில், சாதாரண வெப்பத்தில், ஒரு பெப்டைடு முடிச்சு தானாக அறுவதற்குச் சில நூறு ஆண்டுகள் பிடிக்கும். அவித்த முட்டையில்கூட இந்த முடிச்சுகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன.

ஆக, கொதிநீரில் கெடுவது வரிசை இல்லை. வேறு ஏதோ.

சென்னையில் போட்ட கணக்கு

சங்கிலி கண்டபடி நெளிய முடியாது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். பெப்டைடு முடிச்சின் கார்பன்–நைட்ரஜன் இணைப்பு பாதி இரட்டைப் பிணைப்புபோல நடந்துகொள்கிறது. அதனால் அந்த இடத்தில் சங்கிலி முறுக முடியாது, தட்டையான ஓர் அட்டைபோல விறைத்து நிற்கும். முறுக இடம் இருப்பது ஒவ்வொரு மணியின் நடுக்கார்பனுக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு பிணைப்புகளில் மட்டும். ஒரு மணிக்கு இரண்டு கோணங்கள். ஃபை, சை என்று அவற்றுக்குப் பெயர்.

அந்த இரண்டு கோணங்களுக்கும் எந்தெந்த அளவுகள் சாத்தியம்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் இருந்த ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். வழி எளிமையானது. ஒவ்வோர் அணுவையும் குறிப்பிட்ட ஆரமுள்ள கெட்டி உருண்டையாக வைத்துக்கொள்வது. கோணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போவது. எங்கே இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று இடிக்கின்றனவோ அந்தக் கோணங்களை அடித்துவிடுவது. 1963இல் வெளிவந்த அந்தப் படத்தில், ஒரு சதுரத்தின் பெரும்பகுதி காலியாகவும், சில தீவுகள் மட்டும் அனுமதிக்கப்பட்டவையாகவும் இருந்தன. இன்றுவரை உலகில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டாலும், ராமச்சந்திரன் வரைபடத்தில் தம் புள்ளிகள் தீவுகளுக்குள் விழுகின்றனவா என்று காட்டுவது வழக்கம். காரணமில்லாமல் பல புள்ளிகள் கடலில் விழுந்தால், இயற்கை தப்பு செய்துவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். படத்தைக் கட்டியவர் எங்கோ பிசகியிருக்கிறார் என்றே அர்த்தம்.

அந்தத் தீவுகளில் ஒன்றில் ஆல்ஃபா சுருள் இருக்கிறது. இன்னொன்றில் பீட்டா தாள். இந்த இரண்டு உருவங்களையும் லைனஸ் பாலிங்கும் கோரியும் 1951இலேயே முன்வைத்துவிட்டார்கள். சுருளில் பிரான்சனும் பங்காளி. சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 மணிகள். ஒரு மணியின் முதுகில் உள்ள ஆக்சிஜன், நான்கு மணி தள்ளியிருக்கும் நைட்ரஜனின் ஹைட்ரஜனை ஈர்த்துக்கொள்கிறது. அந்த ஈர்ப்பு ஹைட்ரஜன் பிணைப்பு. தாளில் இதே ஈர்ப்பு, பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு இழைகளுக்கு நடுவே குறுக்காக நடக்கிறது. இரண்டிலுமே பக்கக் கிளைகளுக்கு வேலை இல்லை, முதுகு முதுகைப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் இரண்டாம்நிலை அமைப்பு. ரைபோநியூக்ளியேஸில் சின்னதாக மூன்று சுருள்கள் உண்டு. முதல் சுருள் ஏறக்குறைய 3ஆவது மணியிலிருந்து 13ஆவது மணி வரை. உடலின் மீதி பெரும்பாலும் பீட்டா இழைகள்.

ஹைட்ரஜன் பிணைப்பைப் பெரிய கயிறாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீருக்குள் இருக்கும்போது, அந்த ஆக்சிஜன் தன் துணை மணியை விட்டால் தண்ணீரையே பிடித்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு பிணைப்பால் புரதத்துக்குக் கிடைக்கும் நிகர லாபம் சொற்பம். பெப்டைடு பிணைப்பின் பலத்தை மோலுக்கு 70 கிலோகலோரி என்று எடுத்துக்கொண்டால், இந்த லாபம் ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் நிற்கும்.

வெறுப்பினால் கூடுவது

சுருளும் தாளும் சேர்ந்து ஓர் உருண்டையாக மடங்குவது மூன்றாம்நிலை. இதை மடக்குவது எது என்று கேட்டால், தண்ணீர் என்று சொல்வேன். வாலின், ஐசோலூசின், ஃபினைல்அலனின் போன்ற எண்ணெய்க் கிளைகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் நிற்க நேர்ந்தால், அவற்றின் சுதந்திரம் குறைகிறது. இஷ்டத்துக்குத் திரும்பவோ கைகோக்கவோ முடியாது. அந்தக் கிளைகள் எல்லாம் ஒன்றாகக் கூடி உள்ளே ஒளிந்துகொண்டால் தண்ணீர் விடுதலையாகும். எண்ணெய்க் கிளைகளுக்குள் ஒன்றின்மேல் ஒன்றுக்குப் பெரிய பாசம் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை, தண்ணீர் அவற்றை ஒதுக்கி உள்ளே தள்ளுகிறது. வால்டர் காஸ்மன் 1959இல் இதை அழுத்தமாக எடுத்துச் சொன்ன பிறகே, மடிப்பின் முக்கிய விசை இதுதான் என்ற கருத்து நிலைபெற்றது.

இதற்கு மேல், எதிரெதிர் மின்னூட்டமுள்ள கிளைகள் ஆங்காங்கே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கிளைகளுக்கு நடுவிலும் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு. நெருங்கி அடுக்கப்பட்ட அணுக்களுக்குள் இருக்கும் மெல்லிய ஈர்ப்பும் சேரும். எல்லாமே பலவீனமானவை. கடைசியாக, பலமானது ஒன்று: இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் நேராக இணைந்து உண்டாகும் டைசல்ஃபைடு பிணைப்பு. இதன் பலம் சுமார் 60 கிலோகலோரி. ரைபோநியூக்ளியேஸில் எட்டு சிஸ்டீன்கள், நான்கு பாலங்கள். 26 – 84, 40 – 95, 58 – 110, 65 – 72 என்று ஜோடி சேர்ந்திருக்கும்.

மடிப்பு எதற்கு என்பதை இரண்டு மணிகளைக் காட்டியே சொல்லிவிடலாம். ஆர்.என்.ஏ.வை வெட்டும் வேலையைச் செய்வன 12ஆவது இடத்திலும் 119ஆவது இடத்திலும் உள்ள இரண்டு ஹிஸ்டிடின்கள். சங்கிலியில் ஒன்று இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. மடங்கிய உருவில் இரண்டும் ஒரு பள்ளத்தின் இரு கரையில் எதிரெதிரே நிற்கும். ஆர்.என்.ஏ. அந்தப் பள்ளத்தில் வந்து படுக்கும்போது ஒன்று ஹைட்ரஜன் அயனியை எடுக்கும், மற்றது கொடுக்கும், முடிச்சு அறும். சங்கிலி விரிந்துவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும். 124 மணியும் பத்திரமாக இருக்கும், நொதி மட்டும் இருக்காது.

வெட்டுகிறதா இல்லையா என்று சோதிப்பதும் எளிது. ஆர்.என்.ஏ.வோடு சற்று நேரம் கலந்து வைத்துவிட்டு அமிலம் ஊற்றுவார்கள். பெரிய ஆர்.என்.ஏ. வெள்ளையாகப் படிந்துவிடும். வெட்டுண்ட பொடித் துண்டுகள் கரைசலில் நிற்கும். அந்தத் துண்டுகள் எவ்வளவு புறஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன என்று அளந்தால், எவ்வளவு நொதி உயிரோடு இருக்கிறது என்று தெரியும். ஒரு புரதத்தின் வடிவம் சரியா என்று கண்ணால் பார்க்காமலே தெரிந்துகொள்ளும் வழி இது. அடுத்து வரும் சோதனை முழுக்க இதை நம்பியே நடந்தது.

ஆன்ஃபின்சன் செய்தது

1950களில் ஆர்மர் என்ற அமெரிக்க இறைச்சி நிறுவனம் மாட்டுக் கணையத்திலிருந்து ஒரு கிலோ தூய ரைபோநியூக்ளியேஸ் தயாரித்து, கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் கொடுத்தது. இத்தனை பேர் இந்த ஒரே நொதியைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்ததற்கு இது பெரிய காரணம். வாங்கியவர்களில் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சனும் ஒருவர். சங்கிலிக்குத் தன் வடிவம் எப்படித் தெரிகிறது என்பது அவர் கேள்வி. செல்லுக்குள் ஏதாவது அச்சு இருக்கிறதா, வரிசையே போதுமா?

அவர் நொதியை இரண்டு பொருள்களில் போட்டார். ஒன்று யூரியா. வயலுக்குப் போடும் அதே யூரியாதான். ஒரு லிட்டருக்கு 480 கிராம் வரும்படி கெட்டியாகக் கரைத்தால் அது பலவீனமான பிணைப்புகளை எல்லாம் தளர்த்திவிடும். எண்ணெய்க் கிளைகளுக்கு உள்ளே ஒளிய வேண்டிய அவசியம் போய்விடும். மற்றது மெர்காப்டோஎத்தனால். மூக்கைப் பிடிக்க வைக்கும் கந்தக நாற்றம் உள்ள திரவம். டைசல்ஃபைடு பாலங்களை வெட்டி, ஒவ்வொரு கந்தகத்தின் மேலும் ஒரு ஹைட்ரஜனை உட்கார வைக்கும். இரண்டும் சேர்ந்ததும் ரைபோநியூக்ளியேஸ் வெறும் நூலாகிவிட்டது. வெட்டும் திறன் பூஜ்யம்.

பிறகு இரண்டு பொருளையும் கழுவி நீக்கினார். கரைசலை நன்றாக நீர்த்த நிலையில் காற்றுப்பட வைத்தார். ஆக்சிஜன் பட்டு மெதுவாகக் கந்தகங்கள் மறுபடி இணைந்தன. அளந்து பார்த்தபோது ஏறக்குறைய முழுத் திறனும் திரும்பியிருந்தது. எட்டுக் கந்தகங்கள் ஜோடி சேர எத்தனை வழி உண்டு? முதல் கந்தகத்துக்கு 7 துணைகளில் ஒன்று, மீதியில் ஒன்றுக்கு 5, அடுத்ததற்கு 3. பெருக்கினால் 105. அந்த 105இல் சரியான ஒன்றைச் சங்கிலி தானே தேடிக்கொண்டது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவர் செய்த எதிர்ச் சோதனை. யூரியாவை நீக்காமல், மெர்காப்டோஎத்தனாலை மட்டும் நீக்கிக் காற்றுப்பட வைத்தார். கந்தகங்கள் இப்போதும் இணைந்தன. நான்கு பாலங்களும் உண்டாயின. பிறகு யூரியாவையும் நீக்கி அளந்தால், திறன் சுமார் 1 சதவீதம்தான். யூரியா இருந்ததால் சங்கிலிக்கு வடிவம் இல்லை. வடிவம் இல்லாததால் யாரோடு யார் சேர்வது என்பது குருட்டாம்போக்கில் நடந்தது. 105இல் ஒன்று என்றால் 1 சதவீதம்தானே, கணக்கு அப்படியே ஒத்துப்போனது.

நல்ல தையற்காரர் துணியை உடம்பில் வைத்து, குண்டூசி குத்தி, அளவு சரியாக உட்கார்ந்த பிறகே தைப்பார். ஊசி குத்தாமல் தைத்தால் தையல் உறுதியாகத்தான் இருக்கும், சட்டை ஆகாது. டைசல்ஃபைடு அந்தத் தையல். வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது குண்டூசிகள், அதாவது ஒன்றிரண்டு கிலோகலோரி மட்டுமே பெறுமான அந்தப் பலவீனமான ஈர்ப்புகள்.

தப்பாகத் தைத்ததையும் அவர் சும்மா விடவில்லை. யூரியா இல்லாத நீரில் அந்தக் குழம்பிய புரதத்தைப் போட்டு, மெர்காப்டோஎத்தனாலைத் துளி மட்டும் சேர்த்தார். அது பாலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூட வாய்ப்புக் கொடுத்தது. சுமார் பத்து மணி நேரத்தில் சரியான ஜோடிகள் அமைந்து நொதி உயிர்பெற்றது. செல்லுக்குள் பத்து மணி நேரம் யார் காத்திருப்பார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 1963இல், பாலங்களை மாற்றிப் போடுவதற்கென்றே செல்லுக்குள் ஒரு நொதி இருப்பதை அவர் குழுவே கண்டது. அது வேகத்தைக் கூட்டும், வடிவத்தைச் சொல்லித்தராது.

மாட்டுக் கணையத்திலிருந்து வந்த சங்கிலி என்பதால், எங்கோ பழைய மடிப்பின் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தவர்களுக்கும் 1969இல் பதில் கிடைத்தது. ராக்கஃபெல்லரில் குட்டேயும் மெரிஃபீல்டும், மாட்டையே தொடாமல், 124 அமினோ அமிலங்களையும் ஓர் இயந்திரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார்கள். காற்றுப்பட வைத்தார்கள். அது ஆர்.என்.ஏ.வை வெட்டியது.

உருவத்தை நேரில் பார்த்தது 1967இல். பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் எக்ஸ் கதிர் கொண்டு ரைபோநியூக்ளியேஸின் அணு அமைப்பைக் கண்ட மூவரில் முதல் பெயர் கோபிநாத் கார்த்தா. 1954இல் சென்னையில் ராமச்சந்திரனோடு சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் மூன்றிழைச் சுருளை முன்வைத்தவர் இவர்தான்.

இப்போது கொதிநீருக்குத் திரும்பலாம். ரைபோநியூக்ளியேஸின் மடிந்த நிலைக்கும் விரிந்த நிலைக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் மோலுக்கு 10 கிலோகலோரிக்குள் அடங்கும். நூற்றுக்கணக்கான ஈர்ப்புகள் ஒரு தட்டில், சங்கிலியின் நெளியும் சுதந்திரம் மறு தட்டில். இரண்டும் ஏறக்குறைய சமம். சூடு ஏற ஏற சுதந்திரத்தின் தட்டு கனக்கும். 60 டிகிரி வாக்கில் அது விரிந்துவிடுகிறது. 100 டிகிரியில் அதுவும் முட்டைப் புரதம்போலக் குலைந்துதான் இருக்கிறது. ஆனால் நான்கு பாலங்களும் அறவில்லை. சங்கிலி அதிக தூரம் சிதற முடியாது. ஆறியதும் பலவீனமான ஈர்ப்புகள் மீண்டும் வேலையைத் தொடங்க, பழைய வடிவம் வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் இதை லேசான அமிலத் தன்மையுள்ள கரைசலில் கொதிக்க வைப்பதற்கும் காரணம் இதுவே. காரத் தன்மையுள்ள கரைசலில் நெடுநேரம் கொதித்தால் பாலங்கள் இடம் மாறிக்கொள்ளும், அப்போது இதுவும் பிழைக்காது.

முட்டைக்கு ஏன் இந்த யோகம் இல்லை? வெள்ளைக்கருவில் பத்தில் ஒரு பங்கு புரதம். அவ்வளவு நெருக்கத்தில் ஒரு சங்கிலி விரிந்து எண்ணெய்க் கிளைகளை வெளியே காட்டியதும், அவை தம் உடம்புக்குள் திரும்புவதற்கு முன் பக்கத்துச் சங்கிலியின் எண்ணெய்க் கிளைகளோடு ஒட்டிக்கொள்கின்றன. கந்தகங்களும் அண்டை வீட்டுக் கந்தகங்களோடு இணைந்துவிடுகின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே வலை. ஆன்ஃபின்சன் கரைசலை நீர்த்து வைத்ததன் பலன் இங்கே புரியும்.

இன்சுலின் வைத்த முட்டுக்கட்டை

வரிசையே வடிவத்தைத் தரும் என்ற முடிவுக்கு இன்சுலின் ஒரு முட்டுக்கட்டை போட்டது. இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 21 மணிகள் உள்ள ஒரு சங்கிலி, 30 மணிகள் உள்ள இன்னொன்று. இரண்டையும் இணைக்க இரண்டு டைசல்ஃபைடுகள், குட்டைச் சங்கிலிக்குள் ஒன்று. குழம்பிய ரைபோநியூக்ளியேஸைச் சீர்செய்த அதே செல் நொதியை, நல்ல இன்சுலினோடு சேர்த்தபோது இன்சுலின் கெட்டுப்போனது! பாலங்களைத் திறந்துவிட்டால், பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று இன்சுலினுக்குத் தெரியவில்லை.

விடை 1967இல் டொனால்ட் ஸ்டைனர் மூலம் கிடைத்தது. இன்சுலின் ஒரே சங்கிலியாகவே பிறக்கிறது. மனிதரில் அதற்கு 86 மணிகள். அது மடிந்து, பாலங்கள் போட்டுக்கொண்ட பிறகே நடுத்துண்டு வெட்டி எறியப்படுகிறது. மடிப்புக்கு வேண்டிய வரிசையில் ஒரு பகுதி இப்போது இல்லை. அதனால் இன்சுலினின் வடிவம் ஒருமுறை போனால் எளிதில் திரும்புவதில்லை. ஆன்ஃபின்சனின் முடிவு உடையவில்லை, மடிந்த நாளில் இருந்த வரிசையைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அவருக்கும் மூர், ஸ்டைன் இருவருக்கும் 1972இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ரைபோநியூக்ளியேஸ் தனிக்கட்டை என்பதால் நான்காம்நிலை அமைப்பை அதில் பார்க்க முடியவில்லை. மடிந்த பல அலகுகள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டாக நிற்பது அது. இன்சுலினில் அதைப் பார்க்கலாம். கணையத்தில் ஆறு இன்சுலின்கள் துத்தநாக அயனிகளைச் சுற்றிக் கூடிநிற்கின்றன. அலகுக்கும் அலகுக்கும் நடுவே எண்ணெய்க் கிளைகளின் ஒட்டலும் ஹைட்ரஜன் பிணைப்புகளும்தான், கெட்டியான முடிச்சு ஒன்றும் கிடையாது. ஊசியில் போகும் சாதாரண இன்சுலினும் இப்படி ஆறாகத்தான் இருக்கிறது. வேலை செய்வதோ ஒற்றை மூலக்கூறு. தோலுக்கு அடியில் கூட்டம் கலைய நேரம் பிடிப்பதால்தான் பழைய இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடச் சொன்னார்கள்.

அந்தக் கூட்டத்தை எப்படிக் கலைப்பது? நீண்ட சங்கிலியில் 28ஆவது புரோலினையும் 29ஆவது லைசினையும் இடம் மாற்றினார்கள். அவ்வளவுதான். மடிப்பு கெடவில்லை, பாலங்கள் அப்படியே இருந்தன. இரண்டு அலகுகள் ஒட்டும் முகம் மட்டும் சரியாகப் பொருந்தாமல் போனது. கூட்டம் விரைவில் கலைந்து, மருந்து சீக்கிரம் ரத்தத்தில் சேர்ந்தது. லிஸ்ப்ரோ என்ற பெயரில் 1996இல் விற்பனைக்கு வந்த இன்சுலின் இதுதான். சாப்பிடுவதற்குச் சற்று முன்பு போட்டால் போதும்.

வீட்டில் இன்சுலின் குப்பி இருப்பவர்களுக்கு இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபிரிட்ஜின் உறைபெட்டியை ஒட்டி வைத்து உறையவிட்டாலும், வெயிலில் நின்ற வண்டியில் மறந்து வைத்தாலும், குப்பியை வேகமாகக் குலுக்கினாலும் பெப்டைடு முடிச்சுகள் அறாது. மூன்று டைசல்ஃபைடுகளும்கூடப் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பலவீனமான ஈர்ப்புகள் மட்டும் குலைந்து, மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நாராகத் திரளும். முட்டையில் நடந்ததுதான், அளவில் சிறியது. தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, நூல்போலவோ துகள்போலவோ ஏதாவது மிதந்தாலோ அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள். இயல்பிலேயே பால்போல இருக்கும் வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலந்த பிறகும் கட்டியாக நின்றால், அதையும் ஒதுக்கிவிடுங்கள். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்ட குப்பி, உருகிய பிறகு பார்ப்பதற்குத் தெளிவாகவே இருந்தாலும், குப்பைக்குத்தான் போக வேண்டும்.